நிதியத்தின் இடர் அறிவிப்பை ரூபாய்க் கணக்கில் எழுதுவது எப்படி?

முதலில் ஒரு பந்தியை வாசியுங்கள்.

"இந்நிதியத்தின் முதலீடுகளின் பெறுமதியானது சந்தை வட்டி வீதங்களில் ஏற்படக்கூடிய பாதகமான அசைவுகள், வழங்குநர்களின் கடன் தகைமையில் ஏற்படும் சீரழிவு மற்றும் இரண்டாந்தரச் சந்தையின் திரவத்தன்மைக் குறைபாடு என்பவற்றினால் பாதிக்கப்படலாம் என்பதுடன், அசாதாரண சூழ்நிலைகளில் நம்பிக்கைப் பொறுப்பாளரின் இணக்கத்துடன் அலகுகளின் மீட்பு இடைநிறுத்தப்படவும் கூடும், கடந்தகாலச் செயற்றிறன் எதிர்காலச் செயற்றிறனுக்கான உத்தரவாதம் ஆகாது."

இது எந்தவொரு குறிப்பிட்ட நிதியத்தின் ஆவணத்திலிருந்தும் எடுத்தது அல்ல. பலரின் பணத்தைத் திரட்டி, அதற்கு ஈடாக அலகுகளைத் தரும் யூனிட் ட்ரஸ்ட் எனப்படும் நிதியங்களின் விளக்க அறிக்கைகளில் வழக்கமாக வரும் நடையைப் பின்பற்றி மாதிரிக்காக நான் எழுதியது. நம்பிக்கைப் பொறுப்பாளர் என்பது முதலீட்டாளர்களின் சார்பில் நிதியத்தின் சொத்துகளைக் காத்துவைக்கும் நிறுவனம். திறைசேரி முறிகளிலும் கம்பனிகளின் கடன் பத்திரங்களிலும் பணத்தை இடும் ஒரு வருமான நிதியத்தின் ஆவணத்தில் இத்தகைய பந்தி ஒன்று இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முதன்முறையாகப் பணம் போட வருகிறவர் இதை வாசித்து முடித்ததும், தம்முடைய பணத்துக்கு என்ன நடக்கலாம் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாமல் நிற்பார்.

அந்தப் புதியவரை உப்புவெளியில் சிறிய விருந்தினர் இல்லம் நடத்தும் ஒரு பெண்ணாகக் கற்பனை செய்துகொள்ளலாம். திருகோணமலைக் கடற்கரைக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவது பெரும்பாலும் மே மாதம் முதல் செப்டெம்பர் வரையில்தான். அதன் பின்னர் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையும் கடற் கொந்தளிப்பும் வந்துவிடும். அவர் பருவ காலத்தில் சேர்த்த பத்து இலட்சம் ரூபாயை ஒக்டோபரில் எங்காவது இட்டுவைத்து, அடுத்த பருவத்துக்கு முன்னர், அதாவது மார்ச் மாதத்தில், கூரை திருத்தவும் சுவருக்கு நிறம் பூசவும் மெத்தை மாற்றவும் திரும்ப எடுக்க வேண்டும். இதுவரை நிலையான வைப்பில் போட்டு வந்தவர், இம்முறை நிதியத்தில் போடலாமா என்று யோசிக்கிறார். ஆகவே அவருக்கு ஆறு மாதக் கணக்கும் பத்து இலட்சம் என்ற தொகையும் உண்டு. மேலே உள்ள பந்தியில் இவ்விரண்டுமே இல்லை. அதை எளிமைப்படுத்துவது என்றால் முதலில் இவ்விரண்டையும் உள்ளே கொண்டுவருவதுதான்.

இப்படிப்பட்ட பந்திகள் இறுகிப் போயிருப்பதற்குக் காரணம் எழுதியவரின் திறமைக் குறைவு அல்ல. அவை வழக்கு வந்தால் "நாங்கள் முன்கூட்டியே தெரிவித்திருந்தோம்" என்று காட்டுவதற்காக எழுதப்படுகின்றன. அதனால் நடக்கக்கூடிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அடுக்குகின்றன. எது பெரியது, எது சிறியது, எது அடிக்கடி நடக்கும், எது எப்போதாவது நடக்கும் என்ற வேறுபாட்டை அவை காட்டுவதில்லை. கடினமான சொற்களுக்குப் பதிலாக எளிய சொற்களைப் போட்டு "வட்டி கூடினால் பெறுமதி குறையலாம்" என்று எழுதினாலும் நிலைமை பெரிதாக மாறாது. எவ்வளவு கூடினால் எவ்வளவு குறையும்? அந்த விடை பந்திக்கு வெளியே, நிதியம் மாதந்தோறும் வெளியிடும் தகவல் தாளில் இருக்கிறது. எளிமைப்படுத்துகிறவர் அங்கே போய் அந்த இலக்கத்தை எடுத்து வர வேண்டும்.

தேட வேண்டிய இலக்கத்துக்குத் தகவல் தாளில் "டியூரேஷன்" என்ற பெயர் இருக்கும். அது இல்லாவிட்டால் முதலீடுகளின் சராசரி முதிர்வுக் காலமாவது தரப்பட்டிருக்கும். டியூரேஷன் 2.5 என்றால், சந்தை வட்டி வீதம் ஒரு சதவீதப் புள்ளி கூடும்போது அந்த நிதியத்திலுள்ள முறிகளின் விலை ஏறக்குறைய 2.5 சதவீதம் குறையும் என்று பொருள். காரணம் இதுதான்: மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 10 ரூபாய் வட்டி தந்து, இறுதியில் 100 ரூபாயைத் திருப்பித் தரும் முறி ஒன்றை நிதியம் 100 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறது. மறுநாள் அதே போன்ற புதிய முறிகள் 12 ரூபாய் வட்டியுடன் வெளிவருமானால், பழைய முறியை முழு 100 ரூபாய்க்கு வாங்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். மூன்று ஆண்டுகளிலும் கிடைக்காமல் போகும் இரண்டிரண்டு ரூபாயை ஈடுசெய்யும் அளவுக்கு விலை இறங்கினால்தான் அது விற்கும். கணக்கிட்டுப் பார்த்தால் அந்த விலை 95 ரூபாய் 20 சதம். இந்த முறியின் டியூரேஷன் சுமார் 2.5, இரண்டு புள்ளி உயர்வுக்கு ஐந்து சதவீத வீழ்ச்சி என்ற குறுக்கு வழிக் கணக்கும் 95 ரூபாய் 20 சதம் என்ற சரியான கணக்கும் அருகருகே நிற்பதைக் காணலாம்.

நமது விருந்தினர் இல்லக்காரரின் பத்து இலட்சம் முழுவதும் இத்தகைய முறிகளில் இருந்து, அவர் பணம் போட்ட மறுநாளே வட்டி இரண்டு புள்ளிகள் கூடிவிட்டால், அவருடைய அலகுகளின் பெறுமதி சுமார் 952,000 ரூபாயாகும். ஆனால் கதை அதோடு முடிவதில்லை. இதைச் சொல்லாமல் விடுவதும் ஒருவகைப் பிழையான எளிமைதான். விலை இறங்கிய அந்த முறி இப்போது 12 சதவீத வேகத்தில் வளரத் தொடங்குகிறது. ஆறு மாதங்கள் கழித்து, நிதியத்தின் கட்டணங்களைக் கழிக்காமல் பார்த்தால், அந்தத் தொகை ஏறக்குறைய 1,007,000 ரூபாய்க்கு வந்திருக்கும். அதாவது முதல் அழியவில்லை, ஆனால் அரையாண்டு வட்டியாக அவர் எதிர்பார்த்திருந்த 50,000 ரூபாயில் பெரும்பகுதி போய்விட்டது. இதே நிதியத்தில் இதே ஆறு மாதங்களில், வட்டி தொடக்கத்திலேயே சுமார் இரண்டரைப் புள்ளிகள் கூடினால் வருமானம் பூச்சியத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் கூடினால் போட்ட முதலே குறையத் தொடங்கும். "இரண்டரைப் புள்ளி" என்ற இந்த எல்லைக்கோட்டை வாசகருக்குச் சொல்லிவிட்டால், "பாதகமான அசைவுகள்" என்ற சொற்றொடரில் இல்லாத ஓர் அளவுகோல் அவர் கைக்கு வந்துவிடுகிறது.

இரண்டரைப் புள்ளி உயர்வெல்லாம் நடக்கிற காரியமா என்று அவர் கேட்கலாம். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வைப்பு வசதி வீதம் 6.5 இலிருந்து 13.5 ஆகவும், கடன் வசதி வீதம் 7.5 இலிருந்து 14.5 ஆகவும் சென்றன. அதே ஆண்டில், அரசின் குறுங்காலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களின் வருவாய் 30 சதவீதத்தையும் தாண்டிச் சென்றது. சந்தை வட்டியும் அதே ஏழு புள்ளிகள் ஏறியதாகக் கொண்டு மேற்சொன்ன மூன்றாண்டு முறியின் விலையைக் கணக்கிட்டால் 84 ரூபாய் 50 சதம் வருகிறது. டியூரேஷனைக் கொண்டு பெருக்கினால் வீழ்ச்சி பதினேழரை சதவீதம் என்று காட்டும், சரியான கணக்கு பதினைந்தரை என்கிறது. பெரிய அசைவுகளுக்கு அந்தக் குறுக்கு வழி நட்டத்தைச் சற்று மிகைப்படுத்தும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஆறு மாதம் கழித்து நமது முதலீட்டாளரின் பத்து இலட்சம் ஏறக்குறைய 914,000 ரூபாயாக நிற்கும். கூரை வேலைக்குப் பணம் வேண்டும் என்பதால் அவரால் காத்திருக்கவும் முடியாது, நட்டத்தோடுதான் எடுப்பார்.

இப்போது அதே பத்து இலட்சத்தை, மூன்று மாதத்தில் முதிரும் திறைசேரி உண்டியல்களை மட்டும் வைத்திருக்கும் இன்னொரு நிதியத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்போம். அதே ஏழு புள்ளி உயர்வில் முதல் நாள் வீழ்ச்சி 1.7 சதவீதமே. மூன்று மாதத்தில் உண்டியல்கள் முழுப் பெறுமதியோடு முதிர்ந்துவிடும், அந்தப் பணம் புதிய 17 சதவீத உண்டியல்களில் மீண்டும் போடப்படும், ஆறு மாத முடிவில் சுமார் 1,068,000 ரூபாய் கையில் இருக்கும். வட்டி உயர்வு ஒரு நிதியத்தின் முதலீட்டாளரை நட்டப்படுத்தி, இன்னொன்றின் முதலீட்டாளருக்கு இலாபம் தந்திருக்கிறது. ஆனால் இரண்டு நிதியங்களின் ஆவணங்களிலும் இடர்ப் பந்தி கிட்டத்தட்ட ஒரே வாசகமாகவே இருக்கலாம். பந்தியை மட்டும் எளிய தமிழில் மாற்றிக் கொடுத்தால் போதாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தகவல் தாளில் பார்க்க வேண்டிய இன்னொன்று, நிதியம் தனது முறிகளை எந்த முறையில் மதிப்பிடுகிறது என்பது. சில நிதியங்கள் அன்றைய சந்தை விலையில் மதிப்பிடும். சில, வாங்கிய விலையோடு சேர்ந்துவரும் வட்டியைக் கூட்டிக்கொண்டே போகும். இரண்டாவது முறையில் அலகு விலை நாள்தோறும் அமைதியாக ஏறிக்கொண்டே இருக்கும், வரைபடம் நேர்கோடு போலத் தோன்றும். வட்டி உயர்ந்தாலும் அந்தக் கோடு அசையாது. ஆனால் நட்டம் இல்லாமல் போனதாக அதற்குப் பொருள் இல்லை, முறிகளை விற்க நேரும்போது அது வெளிப்படும். அத்துடன், முதலில் வெளியேறுகிறவர்கள் உயர்த்திக் காட்டப்பட்ட விலையில் பணத்தை எடுத்துச் செல்வார்கள், எஞ்சியிருப்பவர்கள் மீது நட்டம் கூடிக்கொண்டு போகும். எனவே "இந்த நிதியம் ஒருநாளும் இறங்கியதில்லை" என்று யாராவது வரைபடத்தைக் காட்டினால், மதிப்பீட்டு முறை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் அதை நம்ப வேண்டும்.

மீட்பு இடைநிறுத்தம் இங்கேதான் வருகிறது. பந்தியின் நடுவில் இரு சொற்களாக ஒளிந்திருந்தாலும், ஆறு மாதக் கணக்கோடு வரும் ஒருவருக்கு இதுவே முக்கியமான வரி என்பது என் கருத்து. பலர் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டால் நிதியம் முறிகளை விற்றாக வேண்டும். வாங்க ஆள் இல்லாத நாளில் விற்றால் விலை மேலும் விழும். அப்படிப்பட்ட நாட்களில் பணம் திருப்பித் தருவதைச் சில காலம் நிறுத்திவைக்க ஆவணம் இடமளிக்கிறது. சந்தையே மூடப்பட்டால் அங்கே விற்கப்படுபவற்றுக்கு விலை குறிக்கவும் வழியில்லை: 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடன் திருப்பிச் செலுத்தலை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்ததை அடுத்து, 18 ஆம் திகதி தொடங்கிய வாரத்தில் கொழும்புப் பங்குச் சந்தை ஐந்து வர்த்தக நாட்கள் மூடப்பட்டிருந்தது. எளிய நடையில் எழுதும்போது இங்கே மூன்று விவரங்களை ஆவணத்திலிருந்து தேடி எடுக்க வேண்டும்: நிறுத்துவதை முடிவு செய்பவர் யார், எவ்வளவு காலம் வரை நிறுத்தலாம், அந்த இடைவெளியில் ஏற்கெனவே கேட்டவர்களின் கோரிக்கைக்கு எந்த நாளின் விலை கிடைக்கும். கால எல்லை எழுதப்படவில்லை என்றால், எழுதப்படவில்லை என்பதையே சொல்லிவிட வேண்டும்.

கடன் தகைமை பற்றிய பகுதிக்கு இவ்வளவு நீளம் வேண்டியதில்லை. முதலீடுகளில் எத்தனை சதவீதம் அரசின் பத்திரங்கள், எத்தனை சதவீதம் கம்பனிகளின் தொகுதிக்கடன்கள், மிகப் பெரிய ஒரே கம்பனிக்கு எவ்வளவு போயிருக்கிறது என்ற விவரங்களே தேவையானவை. ஒரு கம்பனியில் 8 சதவீதம் இருந்து, அந்தக் கம்பனி ஒன்றுமே திருப்பித் தராமல் போனால், பத்து இலட்சத்தில் 80,000 ரூபாய் போய்விடும் என்று நேராக எழுதலாம். அரச பத்திரம் என்பதால் "இடரே இல்லை" என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. 2023 இல் நடந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்கள் வைத்திருந்த திறைசேரி முறிகள், நீண்ட தவணையுள்ள புதிய முறிகளாக மாற்றப்பட்டன. ரூபாயில் கடன் வாங்கிய அரசும் தவணையை நீட்டலாம் என்பதற்கு அது நம் நாட்டிலேயே நடந்த சான்று.

நிலையான வைப்பிலிருந்து வருகிறவருக்கு, அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய ஒரு வேறுபாடும் உண்டு. உரிமம் பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வைத்த வைப்புக்கு, நிறுவனம் வீழ்ந்தால், ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. அவருடைய பத்து இலட்சம் முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்குகிறது. நிதியத்தின் அலகுகளுக்கு அந்தக் காப்புறுதி இல்லை. இலங்கைப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு நிதிய முகாமையாளருக்கு உரிமம் வழங்கி மேற்பார்வை செய்கிறது என்பதைப் பலர் பணத்துக்கே அரசு பொறுப்பு என்று விளங்கிக்கொள்கிறார்கள். இடர்ப் பந்தியில் இது பெரும்பாலும் வராது என்பதால் எளிய வடிவத்தில் நாமாகவே சேர்க்க வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து, டியூரேஷன் 2.5 உள்ள நிதியத்துக்கு, முதலிலே பார்த்த பந்தியை நான் இவ்வாறு எழுதுவேன்:

"இந்த நிதியம் உங்கள் பணத்தைப் பெரும்பாலும் மூன்றாண்டு அளவில் முதிரும் கடன் பத்திரங்களில் இடுகிறது. சந்தை வட்டி வீதம் ஒரு சதவீதப் புள்ளி கூடினால், பத்து இலட்சம் ரூபாயின் பெறுமதி சுமார் 25,000 ரூபாய் குறையும். வட்டி இறங்கினால் ஏறக்குறைய அதே அளவு கூடும். வட்டி கூடிய பின் நிதியத்தின் வருமானமும் கூடுவதால், இரண்டரை ஆண்டளவு பொறுத்திருப்பவர் அந்த நட்டத்தைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்வார். ஆறு மாதத்தில் எடுக்க வேண்டியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை: தொடக்கத்தில் வட்டி சுமார் இரண்டரைப் புள்ளிகளுக்கு மேல் கூடினால், போட்டதை விடக் குறைவாகவே அவர் எடுக்க நேரிடலாம். 2022 இல் கொள்கை வட்டி வீதம் ஒரே நாளில் ஏழு புள்ளிகள் கூடியது. பணம் கொடுத்த கம்பனிகளில் ஒன்று திருப்பித் தராவிட்டால், அதில் இட்ட பங்கு முழுவதும் இழக்கப்படலாம். சந்தை சீராக இயங்காத நாட்களில், நம்பிக்கைப் பொறுப்பாளரின் இணக்கத்துடன், உங்கள் பணத்தைத் திருப்பித் தருவது சில காலம் நிறுத்தப்படலாம்; ஆகவே குறிப்பிட்ட ஒரு திகதியில் கட்டாயம் வேண்டிய பணத்துக்கு இது பொருந்தாமல் போகலாம். இது வங்கி வைப்பு அல்ல. வைப்புக் காப்புறுதி இதற்கு இல்லை."

மூலத்தைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். எளிமையாக்கினால் சுருங்கும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்குகிறவர்கள், இடத்தை மிச்சப்படுத்துவதற்காக நிபந்தனைச் சொற்களைத்தான் முதலில் வெட்டுவார்கள். "நம்பிக்கைப் பொறுப்பாளரின் இணக்கத்துடன்" என்பதை வெட்டினால், முகாமையாளர் தன் விருப்பப்படி பணத்தைப் பிடித்துவைக்கலாம் என்று ஆகிவிடும். "பெரும்பாலும் மீட்டுக்கொள்வார்" என்பதில் "பெரும்பாலும்" போனால், அது உறுதிமொழியாகிவிடும். எழுதி முடித்த பின், மூலத்திலுள்ள ஒவ்வொரு "லாம்", "கூடும்" என்பதையும் விரல் வைத்து எண்ணி, ஒவ்வொன்றும் எளிய வடிவில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் பிழைகள் அகப்படுவது அங்கேதான்.

அடுத்த சோதனைக்கு வாசகர் ஒருவர் வேண்டும். "விளங்கியதா?" என்று கேட்டால் மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக, "மார்ச் மாதத்தில் நீங்கள் எடுக்கப் போகும் நேரத்தில், ஒக்டோபரிலிருந்து வட்டி மூன்று புள்ளிகள் கூடியிருந்தால் உங்கள் பத்து இலட்சம் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா?" என்று கேட்க வேண்டும். குறைந்திருக்கும் என்று காரணத்தோடு சொன்னால் பந்தி வேலை செய்கிறது. வட்டி கூடினால் நல்லதுதானே, கூடியிருக்கும் என்று சொன்னால், நிலையான வைப்பின் பழக்கத்தில் வாசித்திருக்கிறார் என்று பொருள். விலை இறங்குவதற்கான காரணத்தை ஓர் உதாரணத்தோடு பந்திக்குள் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, எளிய வடிவத்தின் கீழே எந்த மாதத்துத் தகவல் தாளைக் கொண்டு அது எழுதப்பட்டது என்பதைக் குறிக்க வேண்டும். டியூரேஷன் நிலையான இலக்கம் அல்ல. வட்டி இறங்கும் என்று முகாமையாளர் எதிர்பார்த்தால் நீண்ட முறிகளை வாங்கி, அடுத்த சில மாதங்களிலேயே அதை 2.5 இலிருந்து 4 க்குக் கொண்டுபோகலாம், அப்போது மேலே எழுதிய 25,000 ரூபாய் 40,000 ஆகிவிடும். எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதற்கு விளக்க அறிக்கையில் எல்லை தரப்பட்டிருந்தால், இன்றைய இலக்கத்தோடு அந்த எல்லைக்கான ரூபாய்க் கணக்கையும் சேர்த்து எழுதுவது பாதுகாப்பானது. உப்புவெளிக்காரர் ஒக்டோபரில் வாசித்த பந்தியை, பணம் போட்ட பிறகும் டிசம்பர்த் தகவல் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலக்கம் ஏறியிருந்தால், மார்ச் வரை காத்திராமல் அப்போதே எடுத்துவிடுவதா என்பதை அவர் முடிவு செய்ய இன்னும் நேரம் இருக்கும்.